ஒரு புலிய நான் ரெண்டா எண்ணிட்டேன்

போன தீபாவளிக்கு சித்தி பையன் சிங்கப்பூர் வந்திருந்தான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஊரு. நாலு சீசனா புலிக் கணக்கெடுப்புக்கு காட்டுக்குள்ள கேமரா வெக்கிற ஒரு குழுவோட வேல பாக்குறான். ராத்திரி சாப்பாடெல்லாம் முடிஞ்சு பிள்ளைங்க தூங்குனதுக்கு அப்புறம் லேப்டாப்ப தெறந்து ரெண்டு போட்டோவ பக்கத்துல பக்கத்துல வெச்சு, "அக்கா, இது ஒரே புலியா, ரெண்டு புலியா, சொல்லுங்க"ன்னான். புதுசா வேலைக்கு சேர்றவங்களுக்கு பழக்கிக் குடுக்க வெச்சிருக்குற படங்கள், எந்த எடத்துல எடுத்ததுங்கிற விவரத்த எல்லாம் எடுத்துட்டாங்க. ஏன்னா புலி எங்க நடக்குதுங்கிறது வேட்டைக்காரன் கைக்குப் போகக்கூடாத தகவல்.

ரெண்டுமே வலது பக்கம். ஒண்ணு ராத்திரி ஃபிளாஷ்ல எடுத்தது, புலி நல்லா நேரா நடந்து போகுது. இன்னொண்ணு விடியக்காலைல, புலி கொஞ்சம் உடம்ப வளைச்சு பள்ளத்துல எறங்குது, வயித்துல சேறு அப்பியிருக்கு. நான் ஒரு நிமிஷம் பாத்துட்டு ரெண்டு புலின்னு சொல்லிட்டேன். முதல் படத்துல விலாவுல கோடு விட்டு விட்டு இருக்கு, ரெண்டாவதுல நெருக்கமா இருக்கு, இதவிட என்ன வேணும்னு நெனச்சேன்.

அவன் எதுவும் சொல்லல. பின்னங்கால் தொடைக்கு மேல பென்சில் முனைய வெச்சு, "இங்க மட்டும் பாருங்க"ன்னான். ஒரு கோடு கீழ வந்து கவட்டை மாதிரி ரெண்டா பிரியுது, அந்தக் கவட்டைக்கு நடுவுல மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. அடுத்த படத்துலயும் அதே எடத்துல கவட்டை, அதே புள்ளி. அங்கேருந்து ஒவ்வொரு கோடா தோள் பக்கமா நகர்ந்து வந்தான்: அடுத்தது நீளமா மூடுன ஒரு வளையம், அதுக்கு அடுத்தது பாதில அறுந்து போன கோடு, அதுக்கும் அடுத்தது ஒண்ணோட ஒண்ணு தொடாம சேர்ந்தே ஓடுற ரெண்டு கோடு. எல்லாம் ஒண்ணு விடாம ரெண்டு படத்துலயும் இருக்கு. புலி உடம்ப வளைச்சதால ஒரு பக்கத்துத் தோல் மடங்கி கோடெல்லாம் நெருக்கமா தெரிஞ்சிருக்கு, அவ்ளோதான். ஒரே புலி. நான் தப்பு பண்ணிட்டேன்.

அந்தத் தப்ப சரியா புரிஞ்சுக்கணும்னுதான் இத எழுதறேன். ஏன்னா நான் அத "சரி, ஒண்ணு கூடிருச்சு, பரவால்ல"ன்னு நெனச்சேன், அவன் சொன்னப்பதான் அது ஒண்ணோட நிக்காதுன்னு தெரிஞ்சது.

மொதல்ல கோட்டப் பத்தி. புலியோட கோடு முடில மட்டும் இருக்குற நெறம் கிடையாது. முடிய மழிச்சாலும் தோல்ல அதே கோடு தெரியும். தாய் வயித்துல இருக்குறப்பவே அமைஞ்சுடுது, வளர வளர பெருசாகும், ஆனா வடிவம் மாறாது. ஒரு புலிக்கு இருக்குற மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது. இன்னொரு விஷயம், நான் யோசிச்சே பாக்காதது: அதே புலிக்கு இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் வேற மாதிரி. இத அவன் சொன்னப்ப நான் நம்பல, மறுநாள் காலைல எங்க புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல படுத்திருக்குற கோடு போட்ட பூனைகிட்ட கூட்டிட்டுப் போனான். மூணாவது மாடி அம்மா தெனமும் சோறு வெக்கிற பூனை, நான் அஞ்சு வருஷமா பாத்துட்டு இருக்கேன். இடது பக்கம் விலாவுல சுழி மாதிரி ஒரு வட்டம், வலது பக்கம் அந்த வட்டமே இல்ல, நேர் கோடு அறுந்து அறுந்து போகுது. அஞ்சு வருஷம் பாத்தும் எனக்கு இது தெரியாது! ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா போட்டோ எடுத்துக் காட்டியிருந்தா ரெண்டு பூனைன்னு சத்தியம் பண்ணியிருப்பேன்.

அதனாலதான் காட்டுல ஒரு எடத்துக்கு ஒரு கேமரா பத்தாது, ரெண்டு வேணும், பாதைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. புலி நடுவுல நடக்குறப்ப ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பதிவாகிடும். நேருக்கு நேர் வெச்சா ஒரு கேமராவோட ஃபிளாஷ் இன்னொண்ணுக்குள்ள அடிச்சு படம் வெளுத்துப் போயிடும், அதனால கொஞ்சம் தள்ளி வெப்பாங்க. மரத்துல கட்டுற உயரம் முட்டிக்கு கொஞ்சம் கீழ, சுமார் ஒன்றரை அடி, புலியோட விலா அந்த மட்டத்துலதான் வரும். மேல இருந்து எடுத்தா முதுகுதான் தெரியும், விலா சாய்ஞ்சு தெரியும், கோட்ட ஒப்பிட முடியாது. முன்னாடி இருக்குற புல்லு, காஞ்ச கிளை எல்லாத்தையும் வெட்டி விடணும், இல்லாட்டி காத்துல ஆடி ஆடி ஆயிரக்கணக்குல வெறும் படம் எடுத்து பேட்டரி தீந்துடும். கேமராவுக்குள்ள இருக்குற சென்சார் சூடு நகருறத பாத்துதான் முழிச்சுக்கும், அதனால தரையும் பாறையும் புலி உடம்பு அளவுக்குக் கொதிக்கிற உச்சி வெயில்ல சில சமயம் புலி கடந்து போறதே அதுக்குத் தெரியாமப் போயிடும். நல்லவேளையா புலி பெரும்பாலும் அந்தியிலயும் ராத்திரியிலயும்தான் நடக்குது.

எங்க வெக்கணுங்கிறதுக்கு குலுக்கல் போட மாட்டாங்க. மொதல்ல நடந்தே போய் தடம் பாப்பாங்க, காட்டு ரோடு, காஞ்ச ஓடை, ரெண்டு பாதை சேருற எடம், புலி மண்ணப் பிறாண்டி வெச்ச எடம், மரத்துல மூத்திரம் பீய்ச்சி வெச்ச எடம். புலியும் நம்மள மாதிரிதான், முள்ளுக்குள்ள பூந்து போறதவிட பாதைல நடக்கத்தான் விரும்பும். இந்தியா முழுக்க நடக்குற கணக்கெடுப்புல காட்ட 2 சதுர கிலோமீட்டர் கட்டமா பிரிச்சு கட்டத்துக்கு ஒரு ஜோடின்னு வெக்கிறாங்க. ஒரு பெண்புலியோட வீடு அதவிடப் பல மடங்கு பெருசு, அதனால எந்தப் புலியோட எல்லைக்குள்ளயும் கேமராவே இல்லங்கிற நெலம வராது. அதுதான் முக்கியம். கேமராவுல மாட்டுறதுக்கு வாய்ப்பே இல்லாத ஒரு புலி எந்தக் கணக்குலயும் வராது.

இப்ப கணக்குக்கு வர்றேன். இத அவன் சாப்பாட்டு மேசைல, தீபாவளி முறுக்கு டப்பா பக்கத்துல, ஒரு பில்லுக்குப் பின்னாடி எழுதிக் காட்டுனான்.

40 நாள் கேமரா வெச்சிருக்கோம்னு வெச்சுக்கோங்க. மொத 20 நாள்ல 12 புலி மாட்டிச்சு. அடுத்த 20 நாள்ல 15 புலி மாட்டிச்சு. கோட்ட ஒப்பிட்டுப் பாத்தா அந்த 15ல 9 ஏற்கனவே பாத்த புலி, 6 புதுசு. அப்ப நாம கண்ணால பாத்தது மொத்தம் 18. ஆனா காட்டுல இருக்குறது 18ஆ? இல்ல. கேள்வி இதுதான்: ரெண்டாவது தடவ வந்த 15ல 9, அதாவது 60 சதவீதம், ஏற்கனவே தெரிஞ்ச முகம். அந்த 15 காட்டுல இருக்குற எல்லாப் புலிக்கும் ஒரு மாதிரின்னு எடுத்துக்கிட்டா, காட்டுல இருக்குறதுல 60 சதவீதத்த மொத தடவையே பாத்துட்டோம்னு அர்த்தம். மொத தடவ பாத்தது 12. 12ங்கிறது 60 சதவீதம்னா முழுசு 20. எழுதுனா 12 × 15 ÷ 9 = 20. பாத்தது 18, பாக்காதது 2.

எனக்கு இது ரொம்ப நேரம் மனசுல ஓடிட்டே இருந்துச்சு. கேமரா முன்னாடி ஒரு தடவ கூட வராத ரெண்டு புலிய, வந்த புலிங்க திரும்பத் திரும்ப வர்றத வெச்சே கண்டுபிடிக்கிறாங்க. எல்லாருமே தெரிஞ்ச முகமா வந்தா, பாக்காதது கம்மி. வர்றதெல்லாம் புது முகமா இருந்தா, இன்னும் நெறைய ஒளிஞ்சிருக்கு.

இப்ப என் தப்ப இதுக்குள்ள போடுங்க. திரும்ப வந்த அந்த 9ல ஒண்ண நான் புதுப் புலின்னு சொல்லிட்டேன். அப்ப 9 எட்டாகுது. 12 × 15 ÷ 8, வர்றது 22.5. ஒரு போட்டோவ தப்பா பாத்ததுக்கு ரெண்டரை புலி கூடிருச்சு. ரெண்டு தப்பு பண்ணா 12 × 15 ÷ 7, கிட்டத்தட்ட 26. இருபது புலி இருக்குற காட்டுல ரெண்டு படத்த சரியா பாக்காததால ஆறு புலி காகிதத்துல பொறந்துடுது. அந்த ஆறு புலிக்கு மான் வேணாம், தண்ணி வேணாம், வேட்டைக்காரன் வந்தா சாகாது, ஆனா ரிப்போர்ட்ல இருக்கும், அத நம்பி காட்டுல பாதுகாப்பு போதும்னு யாராவது முடிவெடுப்பாங்க. எதிர்ப் பக்கமும் நடக்கலாம், ரெண்டு வேற புலிய ஒண்ணுன்னு சொல்லிட்டா 9 பத்தாகி 18க்கு எறங்கிடும்.

அதனால படத்த ஒப்பிடுறதுல அவங்க காட்டுற பொறுமைய பாத்தா எனக்கு மரியாதையா இருக்கு. மொதல்ல கம்ப்யூட்டர்ல ஒரு மென்பொருள் இருக்கு, ExtractCompare, லெக்ஸ் ஹிபிங்கிறவர் உருவாக்குனது. படத்துல தோள், இடுப்பு, வால் ஆரம்பிக்கிற எடம், வயித்துக் கோடு எங்க இருக்குன்னு நாம குறிச்சுக் குடுத்தா, அது ஒரு முப்பரிமாண புலி உடம்ப அந்தப் படத்து மேல பொருத்தி, வளைவையெல்லாம் நிமித்தி, விலாவுல இருக்குற கோட்ட ஒரு பாய விரிச்ச மாதிரி தட்டையா எடுத்துடும். நான் ஏமாந்தது அந்த வளைவுலதான். அப்புறம் ஏற்கனவே இருக்குற எல்லாப் புலியோடயும் ஒப்பிட்டு, நெருங்கி வர்றதுக்கெல்லாம் மார்க் போட்டு வரிசையா காட்டும். ஆனா இதுதான் அதுன்னு கடைசில சொல்றது மனுஷக் கண்ணுதான். சந்தேகமான படத்த ரெண்டு பேர் தனித்தனியா பாப்பாங்க, ஒருத்தர் என்ன சொன்னார்னு இன்னொருத்தருக்குத் தெரியாது. ஒத்துப் போகலைன்னா அந்தப் படம் கணக்குல வராது. முகத்த வெச்சு முடிவு பண்ணவே மாட்டாங்களாம், தல லேசா திரும்புனாலும் எல்லாம் மாறித் தெரியும்.

2009ல வந்த ஒரு ஆய்வுல இதே முறைய வெச்சு உயிரோட இருந்தப்ப கேமராவுல பதிவான புலியையும், உரிச்ச தோலையும் ஒப்பிட முடியும்னு காட்டுனாங்க. பிடிபட்ட ஒரு தோல் எந்தக் காட்டுல நடந்த புலியோடதுன்னு கோடு சொல்லிடும். அத அவன் சொன்னப்ப நான் முறுக்க கீழ வெச்சுட்டேன்.

இதுக்கெல்லாம் முன்னாடி இந்தியாவுல கால் தடத்த வெச்சுதான் எண்ணிட்டு இருந்தாங்க. 1966ல சரோஜ் ராஜ் சௌத்ரிங்கிற வன அதிகாரி கொண்டு வந்த முறை, தடத்து மேல கண்ணாடி வெச்சு வரைஞ்சு, சாந்துல அச்சு எடுத்து, ஒவ்வொரு தடமும் எந்தப் புலின்னு அனுபவத்த வெச்சு சொல்றது. பிரச்சின என்னன்னா அதே புலி ஈர மண்ணுல வெச்ச தடமும் புழுதில வெச்ச தடமும் ஒண்ணா இருக்காது, நான் படத்துல பண்ண அதே தப்ப மண்ணுல பண்றதுக்கு எக்கச்சக்க வாய்ப்பு, சரி பாக்கவும் வழியில்ல. ராஜஸ்தான்ல சரிஸ்கா காப்பகத்துல புலிங்க இருக்குறதா கணக்கு சொல்லிட்டே இருந்துச்சு, 2005ல பாத்தா ஒண்ணு கூட இல்ல, வேட்டையாடித் தீத்துட்டாங்க. அதுக்கு அப்புறந்தான் நாடு முழுக்க முறைய மாத்துனாங்க. தடத்த வெச்சு 3,642ன்னு சொல்லிட்டு இருந்த எண்ணிக்கை 2006ல புது முறைல 1,411னு வந்துச்சு. அந்த ரெண்டு எண்ணையும் கழிச்சு இத்தன புலி செத்துப் போச்சுன்னு சொல்லக் கூடாது, அளவுகோலே வேற.

கேமரா முறைய இந்தியாவுல ஆரம்பிச்சு வெச்சவர் உல்லாஸ் கரந்த், கர்நாடகாவுல நாகரஹொளே காட்டுல, அதப் பத்தி அவர் எழுதுன கட்டுரை 1995ல வந்துச்சு. அமெரிக்கப் புள்ளியியல் ஆய்வாளர் ஜேம்ஸ் நிக்கல்ஸோட சேர்ந்து அப்புறம் இன்னும் விரிவா பண்ணாங்க. 2018 கணக்கெடுப்புல 26,838 எடத்துல கேமரா, 3 கோடியே 48 லட்சத்துக்கு மேல படம், அதுல புலி இருந்த படம் வெறும் 76,651. மிச்சமெல்லாம் மானு, யானை, மாடு, ஆளு, ஆடுற புல்லு. அந்த 76,651 படத்துலேருந்து கோட்ட ஒப்பிட்டு பிரிச்சது 2,461 தனித்தனிப் புலி, ஒரு வயசுக்குக் கீழ இருக்குற குட்டிங்கள சேர்க்காம. குட்டிய ஏன் விடுறாங்கன்னா அது தாய் பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு வரும், சரியா மாட்டாது, அதோட முதல் வருஷத்துல நெறைய செத்தும் போயிடும். மொத்த மதிப்பீடு 2,967. அதாவது பெரும்பாலான புலிய படமாவே பாத்துட்டாங்க, மிச்சந்தான் கணக்கு.

பில்லுல எழுதுன கணக்க அப்படியே யாரும் போடுறது இல்ல, அத அவனே சொன்னான். அந்தக் கணக்குக்கு எல்லாப் புலியும் சமமா மாட்டணும். ஆனா ஆண்புலி ரொம்ப தூரம் சுத்தும், நெறைய மாட்டும், குட்டி போட்ட தாய் ஒரு சின்ன எடத்துலயே இருக்கும், எப்பவாவதுதான் வரும். அதோட நடுவுல புலி பொறக்கவோ சாகவோ வெளிய இருந்து வரவோ கூடாது, அதனாலதான் ரெண்டு மாசத்துக்குள்ள கேமராவ எடுத்துடுறாங்க. இன்னொரு பெரிய கேள்வி, 20 புலி சரி, எவ்ளோ பெரிய காட்டுல? கேமரா வெச்ச எடத்தோட விளிம்புல இருக்குற புலி பாதி நாள் உள்ள, பாதி நாள் வெளிய. இதுக்கு இப்ப எந்தப் புலி எந்தக் கேமராவுல எத்தன தடவ மாட்டிச்சுங்கிறத வெச்சு அதோட இருப்பிடத்துக்கு நடு எங்க இருக்கும்னு கணிக்கிறாங்க. எங்க புளோக்குக்குக் கீழ இருக்குற கோப்பிக் கடைல உக்காந்து பாத்தா பக்கத்து புளோக்காரர் தெனம் வருவார், நாலு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்குறவர் மாசத்துக்கு ஒரு தடவ வருவார், ஜூரோங்காரர் வரவே மாட்டார், அந்த மாதிரி தூரம் ஆக ஆக வாய்ப்பு எப்படி கொறையுதுங்கிறத படத்துலேருந்தே கத்துக்கிட்டு, கடைசில 100 சதுர கிலோமீட்டருக்கு இத்தன புலின்னு சொல்றாங்க. சொல்றப்ப ஒரே எண்ணா சொல்லாம, இதுக்கும் இதுக்கும் நடுவுலன்னு சொல்லுவாங்க. 2022ல இந்தியாவுக்கு 3,682ன்னு செய்தில படிச்சிருப்பீங்க, அதோட முழு வடிவம் 3,167லேருந்து 3,925க்குள்ளங்கிறதுதான்.

இங்க நம்ம தீவுல கடைசிக் காட்டுப் புலிய சுவா சூ காங்குல 1930ல சுட்டாங்க. காஸ்வே தாண்டுனா மலேசியாவுல தேசிய அளவுல கேமரா வெச்சுப் பாத்ததுல 150க்கும் கம்மின்னு சொல்லியிருக்காங்க. மழைக்காட்டுல இரை கம்மி, ஒவ்வொரு புலியும் ரொம்ப பெரிய எடத்துல பரவிக் கெடக்கு, அதனால மாசக்கணக்குல கேமரா வெச்சும் கைவிரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் மாட்டும். எண்ணிக்கை அவ்ளோ கம்மியா இருக்குற எடத்துல ஒரு படத்த தப்பா பாத்தா என்ன ஆகும்னு பில்லுல அந்தக் கணக்க திரும்பப் போட்டுப் பாத்தேன். அன்னிக்கு சரியா தூங்கல.

அவன் கெளம்புறதுக்கு முந்தின நாள் இன்னொரு விஷயம் காட்டுனான். ஒரு எடத்துல யானை வந்து ஒரு கேமராவ பிடுங்கிப் போட்டுடுச்சு. இன்னொரு எடத்துல பேட்டரி மாத்துனப்ப ஒரு கேமராவோட கடிகாரம் பழைய தேதிக்குப் போயிடுச்சு, அத யாரும் கவனிக்கல. கேமரா வெக்கிறப்பவே சிலேட்டுல எடம், தேதி, நேரம் எழுதி அது முன்னாடி காட்டணும், அந்தத் தடவ அவசரத்துல விட்டுட்டாங்க. அதனால இடது பக்கப் படமும் வலது பக்கப் படமும் ஒரே நேரத்துல எடுத்ததான்னு சொல்ல முடியல. கடைசில 12 புலிக்கு ரெண்டு பக்கமும் தெரியும், 3 புலிக்கு இடது பக்கம் மட்டும், 2 புலிக்கு வலது பக்கம் மட்டும். அந்த ரெண்டும் இந்த மூணுல இருக்குறதுதானா, வேறயா? 15ஆ, 16ஆ, 17ஆ? யாராலயும் சொல்ல முடியாது. இந்த மாதிரி ஆனா எந்தப் பக்கம் நெறைய புலி தெரியுதோ அந்தப் பக்கத்த மட்டும் வெச்சு கணக்குப் போட்டுட்டு இன்னொரு பக்கத்த ஓரமா வெச்சுடுவாங்க. அவங்க இடது பக்கத்த எடுத்துக்கிட்டு 15ன்னு எழுதுனாங்க. வலது பக்கம் மட்டும் தெரிஞ்ச ரெண்டும் தனி ஃபோல்டர்ல, பேர் வெக்காம கெடக்கு. "சும்மா கூட்டிப் போட்டா 17 வரும், பாக்க நல்லா இருக்கும்"னேன். "அக்கா, அப்படிப் போட்டுத்தான் சரிஸ்காவ தொலச்சோம்"னான்.

போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு படம் அனுப்பியிருந்தான், ஒரே எடம், ஒரே நொடி, ஒரு பெண்புலி, ஒண்ணுல இடது விலா, ஒண்ணுல வலது விலா. கீழ எழுதியிருந்தான்: "புது சீசன். இடது-3ம் வலது-2ம் ஒரே ஆள்தான் அக்கா. நேரம் சரியா இருக்கு, ரெண்டு பேர் பாத்தாச்சு." நான் படத்த பெருசாக்கி தொடைப் பக்கத்துலேருந்து ஒவ்வொரு கோடா பாத்துட்டு வந்தேன்.